வில்லியனூரில் சுற்றும் செம்புத் தகடு

கேள்வி: வில்லியனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். +2 படிக்கும் என் மகளின் இயற்பியல் புத்தகத்தில் ஒரு கணக்கு வருகிறது. பத்து ஆரக்கால் உள்ள சக்கரம் புவிகாந்தப் புலத்தில் சுற்றினால், அச்சுக்கும் விளிம்புக்கும் இடையே எவ்வளவு மின்னியக்கு விசை என்று கேட்கிறது. செய்தே பார்ப்போம் என்று பாத்திரக் கடையில் 20 செ.மீ. குறுக்களவில் செம்புத் தகடு வெட்டி வாங்கினேன். நடுவில் போல்ட் போட்டு, டிரில் மெஷினில் மாட்டி, குயவர் சக்கரம் போலத் தட்டையாக வைத்து நிமிடத்துக்குச் சுமார் 1500 சுற்று சுற்றவிட்டேன். விளிம்பில் ஒரு கார்பன் பிரஷ், போல்ட்டில் ஒரு கார்பன் பிரஷ். மல்டிமீட்டர் சைபரையே காட்டியது. பிறகு ஒரு பழைய ஸ்பீக்கரின் வளையக் காந்தத்தைத் தகட்டுக்கு அடியில் வைத்தேன். 3, 4 மில்லிவோல்ட் வந்தது. அதுவும் நிலையாக நிற்கவில்லை. சூத்திரப்படி போட்டால் 78 மில்லிவோல்ட் வரவேண்டும். மீதி எங்கே போனது? மகளுக்கு வேறொரு சந்தேகம். தகடு சுற்றும்போது அதன் வழியே போகும் காந்தப் பாயம் மாறவே இல்லையே, பிறகு மின்னழுத்தம் எப்படி வருகிறது என்கிறாள். காந்தத்தையும் தகட்டோடு சேர்த்துச் சுற்றினால் என்ன ஆகும் என்றும் கேட்கிறாள்.

பதில்: உங்கள் மகளின் சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் உங்கள் 78 மில்லிவோல்ட் எங்கே போனது என்பதும் தெரிந்துவிடும்.

பாயம் மாறினால்தான் மின்னழுத்தம் என்று பாடத்தில் படித்திருப்பாள். இந்தத் தகட்டின் முன் அந்த வாக்கியம் தடுமாறும். ரிச்சர்டு ஃபெய்ன்மன் தம் புகழ்பெற்ற இயற்பியல் விரிவுரைகளில், பாய விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் தவறும் இடத்துக்கு இதே தகட்டைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். அதனால் பாயத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு, செம்புக்குள் இருக்கும் ஓர் எலக்ட்ரானை மட்டும் பார்ப்போம்.

தகடு சுற்றும்போது அந்த எலக்ட்ரானும் தகட்டோடு வட்டமடிக்கிறது. காந்தப் புலம் அச்சின் திசையில் நிற்கிறது. புலத்துக்குச் செங்குத்தாக ஓடும் மின்னூட்டத்தின் மேல் பக்கவாட்டில் ஒரு விசை விழும். வட்டத்தில் ஓடுகிறவனுக்குப் பக்கவாட்டு என்பது ஆரத்தின் திசை. ஆகவே எலக்ட்ரான் மையத்தை நோக்கியோ விளிம்பை நோக்கியோ தள்ளப்படுகிறது. புலம் மேல்நோக்கி இருந்து, மேலிருந்து பார்க்கையில் தகடு இடஞ்சுழியாகச் சுற்றினால், எலக்ட்ரான்கள் அச்சுப் பக்கம் ஒதுங்கும், விளிம்பு நேர்மின்முனையாகும். சுற்றும் திசையை மாற்றினால் முனைகளும் மாறும். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அளவையும் இதே வழியில் எடுக்கலாம். மையத்தில் வேகம் சைபர், விளிம்பில் முழு வேகம், சராசரி பாதி. B என்ற புலத்தில் r நீளமுள்ள கம்பி அந்தச் சராசரி வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டால் E = ½Bωr² கிடைத்துவிடும். உங்கள் சூத்திரத்தில் இருக்கும் அந்த ½ இப்படித்தான் வந்தது. இதையே வேறு விதமாகவும் எழுதலாம், எனக்கு அதுதான் பிடிக்கும்: E = nΦ. n என்பது நொடிக்கு எத்தனை சுற்று. Φ என்பது அச்சிலிருந்து பிரஷ் தொடும் இடம் வரை உள்ள வட்டத்துக்குள் நுழையும் மொத்தப் பாயம். தகட்டில் சாக்பீஸால் ஓர் ஆரம் வரையுங்கள். அந்தக் கோடு ஒரு சுற்றுக்கு ஒருமுறை வட்டம் முழுவதையும் துடைத்துக்கொண்டு போகிறது. வழியில் உள்ள பாயம் முழுவதையும் வெட்டுகிறது. தகட்டின் வழியே போகும் பாயம் மாறவில்லை என்று உங்கள் மகள் சொன்னது சரி. மின்னழுத்தத்தைத் தருவது அந்தக் கோடு வெட்டிக்கொண்டே போகும் பாயம்.

பத்து ஆரக்கால் இருந்தாலும் விடை பத்து மடங்காகாததற்குக் காரணமும் இதுதான். பத்தும் ஒரே அச்சுக்கும் ஒரே விளிம்புக்கும் நடுவே இணையாக நிற்கின்றன. உங்கள் முழுத் தகட்டை எண்ணற்ற ஆரக்கால் கொண்ட சக்கரமாக நினைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் முதல் சோதனை. பாடநூலில் புலத்தின் கிடைத்தளக் கூறு 0.4 காஸ் என்று கொடுத்திருக்கிறார்கள். ஒரு காஸ் என்பது டெஸ்லாவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தற்செயலாக அது நம் ஊர்க் கணக்காகவே அமைந்துவிட்டது. புதுச்சேரிப் பக்கம் கிடைத்தளக் கூறு ஏறத்தாழ அவ்வளவுதான். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் இந்தப் புலத்தைத் தொடர்ந்து அளந்துவருகிறது. புதுச்சேரியிலும் திருநெல்வேலியிலும் அதற்கு ஆய்வுக்கூடங்கள் உண்டு. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்குப் பக்கத்தில் போகிறது. அதனால் நம் பகுதியில் புலக்கோடுகள் தரையோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கின்றன. தரைக்கும் புலத்துக்கும் உள்ள கோணம் பத்து டிகிரிக்கும் குறைவு. செங்குத்துக் கூறு மிகச் சிறியது.

நீங்கள் தகட்டைத் தட்டையாகப் போட்டீர்கள். அப்போது அச்சு செங்குத்தாக நிற்கிறது. தகட்டின் வழியே போவது அந்தச் சின்னஞ்சிறு செங்குத்துக் கூறு மட்டும்தான். மற்றதெல்லாம் தகட்டின் தளத்தோடு வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் பேர் போன ஊர். அங்கே சுற்றும் குயவர் சக்கரம் எதையும் செம்பில் செய்து வைத்தாலும் இதே கதிதான்.

மைக்கேல் ஃபாரடே இதே சோதனையை லண்டனில் செய்தார். 1831 அக்டோபர் 28 அன்று ராயல் சொசைட்டியின் பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே செம்புத் தகட்டைச் சுற்றித் தொடர்ச்சியான மின்னோட்டம் எடுத்தவர் அவர். அடுத்து எந்தக் காந்தமும் இல்லாமல், பூமியின் புலத்தை மட்டும் நம்பித் தகட்டைத் தட்டையாகச் சுற்றினார். கால்வனாமீட்டர் முள் நகர்ந்தது. லண்டனில் புலக்கோடுகள் சுமார் 70 டிகிரி சாய்ந்து பூமிக்குள் இறங்குகின்றன. அங்கே தட்டையான தகட்டை அவை ஏறக்குறைய நேராகவே குத்துகின்றன. அவருக்கு முள் நகர்ந்த நிலையிலேயே நீங்களும் தகட்டை வைத்தீர்கள். இடம் மட்டும் வேறு. பூமிப் புலத்தின் சாய்வுத் தளத்திலேயே தகடு சுற்றினால் ஒன்றும் வராது என்பதையும் ஃபாரடே பார்த்துவைத்தார். புதுச்சேரியில் தட்டையாகச் சுற்றும் தகடு கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருக்கிறது.

அப்படியானால் அச்சைப் படுக்கவைத்து வடக்கு தெற்காகத் திருப்பினால் வருமா? வரும், ஆனால் உங்கள் மீட்டருக்குத் தெரியாது. கணக்கைப் பாருங்கள். தகட்டின் ஆரம் 10 செ.மீ., பரப்பு 0.0314 சதுர மீட்டர். அதை 0.4 காஸோடு, அதாவது 0.00004 டெஸ்லாவோடு பெருக்கினால் பாயம் 0.00000126 வெபர். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நொடிக்கு 25. பெருக்கினால் சுமார் 31 மைக்ரோவோல்ட். கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரின் 200 மில்லிவோல்ட் வரிசையில் கடைசி இலக்கமே 100 மைக்ரோவோல்ட்தான். அச்சைத் திருப்பியிருந்தாலும் சைபரைத்தான் பார்த்திருப்பீர்கள். பாடநூலில் உள்ள அரை மீட்டர் ஆரச் சக்கரத்துக்கே விடை சுமார் 63 மைக்ரோவோல்ட்தான் என்பதை மகள் கவனித்திருப்பாள்.

திசை எவ்வளவு முக்கியம் என்பதைச் சைக்கிளில் வைத்து யோசித்தால் மனதில் நிற்கும். வில்லியனூரிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்கு நோக்கிச் சைக்கிள் மிதிக்கிறவரின் சக்கர அச்சு வடக்கு தெற்காக இருக்கிறது. புலம் சக்கரத்தை நேராகத் துளைத்துக்கொண்டு போகிறது. பாகூரிலிருந்து வடக்கு நோக்கி வருகிறவரின் அச்சு கிழக்கு மேற்காக இருப்பதால் அவர் சக்கரத்தில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. முதலாமவர் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போனால், 33 செ.மீ. ஆரச் சக்கரத்தில் அச்சுக்கும் விளிம்புக்கும் இடையே சுமார் 26 மைக்ரோவோல்ட். (இரும்பு ரிம் புலத்தைத் தன் பக்கம் இழுத்துக் கணக்கைக் கெடுக்கும், அலுமினிய ரிம் என்று வைத்துக்கொள்வோம்.) சைக்கிள் முழுவதும் முன்னால் போவதால் இதில் எதுவும் கூடுவதில்லை. சீரான புலத்தில் சுற்று முழுதும் ஒன்றாக நகர்ந்தால் நிகர அழுத்தம் வராது. சுழற்சி மட்டுமே கணக்கில் சேரும்.

இனி ஸ்பீக்கர் காந்தம். 78 மில்லிவோல்ட் என்ற கணக்கில் நீங்கள் 0.1 டெஸ்லாவும் 10 செ.மீ. ஆரமும் போட்டிருக்கிறீர்கள். அதாவது தகடு முழுவதும் ஒரே திசையில் ஒரே அளவு புலம் என்று வைத்துக்கொண்டீர்கள். பெரிய ஸ்பீக்கரின் வளையக் காந்தம் சாதாரணமாக 10 செ.மீ. குறுக்களவு இருக்கும், ஆரம் 5. உங்கள் தகடு அதைத் தாண்டிச் சுற்றிலும் இன்னும் 5 செ.மீ. நீண்டுகொண்டிருக்கிறது. வட முனையிலிருந்து கிளம்பும் புலக்கோடு தென் முனைக்குத் திரும்பியாக வேண்டும். அது காந்தத்தின் வெளி ஓரத்தைச் சுற்றி வளைந்து இறங்குகிறது. உங்கள் தகட்டின் வெளிப் பாதி அந்தத் திரும்பும் புலத்தில்தான் சுற்றுகிறது. உள்ளே சேர்த்த மில்லிவோல்ட்டை வெளியே வரவரக் கழித்துவிடுகிறது. E = nΦ என்ற வடிவம் எனக்குப் பிடிக்கும் என்றேனே, அதற்குக் காரணம் இதுதான். புலம் சீராக இல்லாவிட்டாலும், அச்சைச் சுற்றிச் சமச்சீராக இருந்தால் போதும், அது அப்படியே பொருந்தும். வட்டத்துக்குள் ஏறும் பாயத்தில் இறங்கும் பாயத்தைக் கழித்தால் மிச்சமே Φ.

இன்னும் இரண்டு கசிவுகள் இருக்கின்றன. வளையத்தின் துளைக்குள் புலம் தலைகீழாக இருக்கும். துளைக்கு நேர் மேலே தகட்டை ஒட்டியும் அது வலுவிழந்தோ எதிர்த்திசையிலோ நிற்கும். அடுத்து, 0.1 டெஸ்லா என்பது காந்தத்தின் பரப்பைத் தொட்டுக்கொண்டு இருக்கும் அளவு. சில மில்லிமீட்டர் விலகினாலே குறைந்துவிடும். தகடு ஓடும் இடத்தில் சராசரி 0.05 டெஸ்லா என்றும், துளையின் ஆரம் 2¼ செ.மீ. என்றும் வைத்துப் பார்த்தேன். வளையத்துக்கு நேர் மேலே உள்ள பரப்பு சுமார் 0.0063 சதுர மீட்டர், பாயம் 0.00031 வெபர், நொடிக்கு 25 சுற்று, ஆக 8 மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. துளையும் வெளி ஓரமும் அதிலிருந்து பிடித்துக்கொண்டால் உங்களுக்கு வந்த 3, 4 மில்லிவோல்ட் நியாயமான அளவுதான்.

என் பேச்சை நம்ப வேண்டாம், பிரஷ்ஷை நகர்த்திப் பாருங்கள். விளிம்பில் உள்ள பிரஷ்ஷைத் தகட்டின் மேல்முகத்தில் வைத்து மெல்ல மையத்தை நோக்கிக் கொண்டுபோங்கள். திரும்பும் புலம்தான் காரணம் என்றால், அளவு முதலில் ஏறும், காந்தத்தின் ஓரத்துக்கு நேர் மேலே உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கும். புலம் சீராக இருந்தால் விளிம்பிலிருந்து உள்ளே வரவர இறங்கிக்கொண்டேதான் போகும். எது நடக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரிசெய்வதற்கு, அதே அளவில் இன்னொரு வளையக் காந்தம் தேடுங்கள். ஒன்றின் வட முனையும் மற்றதன் தென் முனையும் எதிரெதிரே பார்க்கும்படி நிறுத்தி, இடையில் உள்ள இடுக்கில் தகட்டைச் சுற்றவிடுங்கள். தகட்டைக் காந்தத்தின் அளவுக்கே, 5 செ.மீ. ஆரத்துக்கு, வெட்டிக்கொள்ளுங்கள். துளைகள் இருப்பது இங்கே வசதி. அச்சு அதன் வழியே போகும். அச்சுக்கு இரும்பு போல்ட் வேண்டாம், பித்தளை போடுங்கள். இரண்டு காந்தங்களும் ஒன்றையொன்று பலமாக இழுக்கும். நடுவே மரக்கட்டை கொடுத்து இறுக்கிய பிறகு கையை எடுங்கள். காந்தத்தின் மையமும் அச்சும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். விலகியிருந்தால் தகட்டின் ஒரு பக்கம் பலமான புலத்திலும் மறுபக்கம் பலவீனமான புலத்திலும் மாறிமாறிப் போகும்; தகட்டுக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் கிளம்பித் தகட்டைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். பழைய மின்மீட்டரில் அலுமினியத் தகட்டின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு ஒரு காந்தம் இருக்குமே, அது இந்தப் பிடியைக் கொண்டே தகட்டின் வேகத்தை அடக்குகிறது. இங்கே நமக்கு அது வேண்டாம். டிரில்லைக் கழற்றிவிட்டுக் கையால் சுண்டினால் தகடு தாராளமாகச் சுற்றி ஓய வேண்டும். சட்டென்று நின்றால் மையம் விலகியிருக்கிறது.

அளவு நிற்காமல் ஆடுவதற்குப் பிரஷ்தான் காரணம். மோட்டாரில் பிரஷ் இடத்தில் ஒரு வோல்ட் போனாலும் உங்களுக்குக் கவலை இல்லை. இங்கே நாம் தேடுவதே மில்லிவோல்ட். மல்டிமீட்டர் மின்னோட்டம் ஏறக்குறைய எடுக்காததால் பிரஷ்ஷின் தடை பெரிய தொல்லை இல்லை. பிரஷ் துள்ளுவதும் சூடாவதும்தான் தொல்லை. கார்பனும் செம்பும் உரசிச் சூடாகும் இடத்தில் வெப்பத்தாலேயே ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். டிரில்லின் சொந்த கம்யூட்டேட்டரில் பறக்கும் பொறியும் மீட்டரைக் குழப்பும். முடிந்தால் தையல் மெஷின் சக்கரத்திலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றுங்கள். வேகம் குறையும், ஆனால் அளவு அமைதியாக நிற்கும். தகட்டை மணல்தாளால் பளபளவென்று தேய்த்துக்கொள்ளுங்கள். செம்பை எடுத்தது நல்லதாயிற்று. அலுமினியம் என்றால் மேலே படியும் ஆக்சைடு பிரஷ்ஷை விட்டுவிட்டுத்தான் தொடவிடும்.

காந்தத்தால் வந்தது எவ்வளவு, சூட்டால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க, முன்னே நினைவில் வைக்கச் சொன்னது உதவும். ஒரு திசையில் சுற்றி அளவைக் குறியுங்கள். அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றிக் குறியுங்கள். தகட்டின் மின்னியக்கு விசை குறி மாறும். பிரஷ்ஷின் சூடு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான், அது குறி மாறாது. முதல் அளவு +7.6, இரண்டாவது –7.0 என்று வந்தால், வித்தியாசத்தில் பாதி, 7.3 மில்லிவோல்ட், தகட்டினுடையது, மீதி 0.3 பிரஷ் செய்த வேலை. பள்ளி ஆய்வகத்தில் ஒருமுறை நான் இந்தத் திருப்பிப் பார்க்கும் வேலையைச் செய்யாமல் விட்டேன். காந்தத்தை எடுத்த பிறகும் மீட்டர் அதே அளவைக் காட்டியபோதுதான், அரை நாளாக நான் அளந்துகொண்டிருந்தது பிரஷ்ஷின் சூட்டை என்று தெரிந்தது.

இந்த அழுத்தத்தில் எல்.இ.டி. எரியாது, அதற்கு ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். காயிலில் செய்வதுபோல் கம்பிச் சுற்றைக் கூட்டி வோல்ட்டை ஏற்றும் வழி இதில் இல்லை, தகடு ஒற்றைச் சுற்று. இந்த வகை ஜெனரேட்டரின் பலம் மின்னோட்டத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மார்க் ஒலிபன்ட் 1960களில் இதே கொள்கையில் கட்டி முடித்த இயந்திரம் சில நூறு வோல்ட்டில் பத்து லட்சம் ஆம்பியருக்கும் மேல் ஒரே வீச்சில் தந்தது.

கடைசியாக மகளின் இரண்டாவது கேள்வி. காந்தத்தைத் தகட்டோடு ஒட்டி இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் மின்னழுத்தம் அப்படியே வரும். தகட்டை நிறுத்திக் காந்தத்தை மட்டும் சுற்றினால் ஒன்றும் வராது. ஃபாரடே ஒரு உருளைக் காந்தத்தின் தலையில் காகிதம் வைத்துச் செம்புத் தகட்டை ஒட்டி, இரண்டையும் சேர்த்துச் சுற்றியே இதைக் கண்டுவிட்டார். உருளையான காந்தம் தன் அச்சிலேயே சுற்றினால் சுற்றியுள்ள எந்த இடத்திலும் புலம் துளிகூட மாறாது. அது சுற்றுகிறதா நிற்கிறதா என்பது எலக்ட்ரானுக்குத் தெரிய வழியில்லை. எலக்ட்ரான் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. ஒன்றே ஒன்று கட்டாயம்: மீட்டரும் அதன் ஒயர்களும் தகட்டோடு சுற்றக் கூடாது. சுற்றினால் ஒயரில் உள்ள எலக்ட்ரான்களும் அதே அளவு தள்ளப்பட்டு, தகட்டில் வந்ததை ஒயர் கழித்துவிடும். அதனால்தான் உங்கள் கைக்குப் பழகிய அந்தப் பிரஷ் இங்கே தேவைப்படுகிறது. ஒருபுறம் ஓடும் செம்பு, மறுபுறம் நிற்கும் ஒயர், நடுவே உரசும் ஓரிடம். மகளை மூன்று விதமாகவும் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்: தகடு மட்டும், காந்தம் மட்டும், இரண்டும் சேர்ந்து. ஒவ்வொன்றையும் இரு திசையிலும் எடுத்து, பாதி வித்தியாசத்தை எழுதட்டும். முதல் வரிசையும் மூன்றாவதும் ஒத்துவந்து, நடுவில் உள்ளது சைபருக்குப் பக்கத்தில் நின்றால் உங்கள் அமைப்பு சரியாக இருக்கிறது. நடு வரிசையில் ஏதாவது ஆடிக்கொண்டு வந்தால், காந்தம் மையத்தில் இல்லை. மரக்கட்டையைத் தளர்த்தி மறுபடி நிறுத்துங்கள்.